வராதவர் பட்டியல் பத்து மணியோடு முடிந்துவிடுவதில்லை

பள்ளிகளுக்கு வருகைப் பதிவு மென்பொருள் எழுதித் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியராக இருந்துகொண்டு, உங்களைப் போன்றவர்கள் எழுதிய மென்பொருளையும் கவனித்துக்கொள்பவன் எழுதுகிறேன். காலை பத்து மணிக்குத் தானாக ஓடி, வராத பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் அந்த ஒரு வேலையைப் பற்றித்தான் இந்த மடல். அனுப்புவதில் எனக்குக் குறை இல்லை. அனுப்பிய பிறகு பதிவு மாறினால் என்ன ஆகிறது என்பதில்தான் குறை.

எங்கள் பள்ளியில் நடந்த ஒன்று. ஏழாம் வகுப்பு ஆ பிரிவின் வகுப்பாசிரியர் லீவு. பதிலுக்குப் போனவர் மொபைலில் பதிவு எடுத்தபோது 24-ஆம் எண்ணுக்குப் பதில் 23-ஐத் தொட்டுவிட்டார். பத்து மணிக்கு வேலை ஓடியது. 23-இன் அப்பாவுக்கு 'உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை' என்று செய்தி போனது. காலையில் தானே கொண்டுவந்து விட்ட பிள்ளை என்பதால் பதறிப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். 10.40-க்கு ஆசிரியர் திருத்தினார். திரையில் எல்லாம் சரியாகிவிட்டது.

எல்லாரும் அந்த அப்பாவைச் சமாதானப்படுத்துவதிலேயே மும்முரமாக இருந்தோம். உண்மையில் வராத 24-இன் வீட்டுக்கு அன்று முழுக்க ஒரு செய்தியும் போகவில்லை. உங்கள் வேலை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஓடும்; 10.40-க்குப் பிறகு அந்தப் பிள்ளை பட்டியலில் ஏறியதை அது பார்க்கவே இல்லை. பள்ளிக்கென்று கிளம்பிய பிள்ளை பள்ளிக்கு வந்து சேராமல் போவதைக் கண்டுபிடிக்கத்தானே இந்தச் செய்தியே? அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில்தான் இருந்தது என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

உங்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டால் 'மறுபடி ரன் பண்ணுங்க சார்' என்கிறீர்கள். ரன் பண்ணினால் அந்த நாளின் பட்டியலில் உள்ள எல்லா வீட்டுக்கும் இரண்டாம் தடவை செய்தி போகிறது. இன்னொரு வேடிக்கை: அந்த அப்பா போனைக் காட்டி நியாயம் கேட்டபோது, உங்கள் 'அனுப்பிய செய்திகள்' பக்கத்தில் 23-இன் பெயரே இல்லை. அந்தப் பக்கம் வருகைப் பதிவிலிருந்தே கணக்குப் போடுகிறது. பதிவைத் திருத்தியதும் செய்தி போன சுவடும் போய்விட்டது.

தீர்வு பெரிய வேலை இல்லை. வருகைப் பதிவு வேறு, பெற்றோரிடம் நாம் சொன்னது வேறு. இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். அப்புறம் 'யார் வரவில்லை' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'பெற்றோரிடம் கடைசியாகச் சொன்ன நிலையும் இப்போதைய நிலையும் யாருக்கு வேறுபடுகிறது' என்று கேளுங்கள்.

```sql
SELECT c.student_id, c.status
FROM current_status c
LEFT JOIN last_told t
  USING (student_id, att_date, session)
WHERE c.att_date = CURRENT_DATE
  AND c.status <> COALESCE(t.told_status, 'P');
```

அந்த `COALESCE`-தான் உயிர்நாடி. செய்தி எதுவும் வராத பெற்றோர் பிள்ளை பள்ளியில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொள்வார். அதனால் ஒன்றும் சொல்லாததும் `P` சொன்னதற்குச் சமம். இந்தக் கேள்வியைப் பத்து மணிக்கு ஓட்டினால் வழக்கமான பட்டியல் வரும். 10.50-க்கு ஓட்டினால் இரண்டே பேர் வருவார்கள்: 23-க்கு `P`, 24-க்கு `A`. மற்ற வீடுகளுக்கு மறுசெய்தி போகாது. பள்ளி முடியும்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓட்டினாலும் தொந்தரவு இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: `last_told`-இல் எழுதிவிட்டு அனுப்புங்கள். அனுப்பிவிட்டு எழுதினால், நடுவில் வேலை நின்றுபோகும் நாளில் சில வீடுகளுக்கு இரண்டு தடவை போகும். எழுதிய பிறகு அனுப்புவது தோற்றால் அது தோற்றதாகவே பதிவில் நிற்கட்டும். அலுவலகத்தில் இருப்பவர் போன் போட்டுச் சொல்லிவிடுவார்.

பதிவே எடுக்காத வகுப்பை என்ன செய்வது? அந்தப் பிள்ளைகளுக்கு `current_status`-இல் வரியே இருக்கக் கூடாது. சில மென்பொருள்கள் பதிவு இல்லை என்றால் 'வந்தார்' என்று எடுத்துக்கொள்கின்றன, சில 'வரவில்லை' என்று. இரண்டாவது வகை, கலெக்டர் மழை விடுமுறை விட்ட நாளில் தன் குணத்தைக் காட்டும்: பள்ளியில் இருக்கிற அத்தனை பேர் வீட்டுக்கும் 'வரவில்லை'. முதல் வகை சத்தம் போடாது, அதனால் அதுதான் எனக்குப் பயம். பதிவு எடுக்காத வகுப்புகளின் பெயர் 9.50-க்கே தலைமையாசிரியர் திரையில் வந்து நிற்கட்டும். பெற்றோருக்கு அதைப் பற்றி ஒன்றும் போக வேண்டாம்.

தாமதமாக வருவதையும் திருத்தத்தையும் ஒரே பொத்தானில் வைத்திருக்கிறீர்கள். பஸ் கிடைக்காமல் 10.20-க்கு வந்த பிள்ளை பத்து மணிக்கு இல்லாதது உண்மை. அந்த வீட்டுக்கு 'முன்பு வந்த தகவல் தவறு' என்று சொன்னால் அது பொய். '10.20-க்கு வந்து சேர்ந்தார்' என்பதுதான் சரி. 23-க்குத்தான் 'தவறு, வருந்துகிறோம்' போக வேண்டும். ஆகவே நிலையை மாற்றும்போது, தவறாகப் பதிந்ததா, பிறகு வந்ததா என்று ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். டிராயின் 2018 விதிகள் வந்த பிறகு, நினைத்த வாசகத்தை நினைத்த நேரத்தில் எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியாது, ஒவ்வொரு வாசகத்தையும் டி.எல்.டி. தளத்தில் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். மாறும் இடங்களில் மட்டும் அதற்கென்று உள்ள மாறிக் குறியைப் போடலாம். உங்கள் வாடிக்கைப் பள்ளிகளில் எத்தனை பேர் 'வரவில்லை' என்ற ஒரே வாசகத்தை மட்டும் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். திருத்தச் செய்தி அனுப்ப மென்பொருளில் வழி இருந்தாலும், வாசகம் இல்லாததால் அது வெளியே போகாது. மூன்று வாசகம் வேண்டும்: வரவில்லை, தாமதமாக வந்தார், முந்தைய தகவல் தவறு. தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 70 குறிகள்தான், புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறி. அதற்கு மேல் போனால் இரண்டு செய்திக்கான காசு. நீட்டி முழக்காமல் எழுதுங்கள்.

மறுநாள் வரும் திருத்தங்கள் வேறு ரகம். போட்டிக்குப் போன பிள்ளைக்கு ஓ.டி. போடுவார்கள், மெடிக்கல் சான்றிதழ் கொண்டுவந்தால் லீவு வகையை மாற்றுவார்கள். இதற்கெல்லாம் செய்தி வேண்டாம். மேலே உள்ள கேள்வியில் `CURRENT_DATE` இருப்பதும் அதற்காகத்தான். ஆனால் நேற்று 'வரவில்லை' என்று சொன்னதே தவறு என்று இன்று தெரிந்தால், தானாக அனுப்பாமல் வகுப்பாசிரியர் பட்டியலில் வையுங்கள். பேசுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பொதுத்தேர்வு எழுத 75% வருகை வேண்டும். அதனால் பழைய தேதியில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார், எப்போது, ஏன் என்பது நிற்க வேண்டும். காகிதப் பதிவேட்டில் தவறை அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவோமே, அப்படி. உங்கள் திரையில் பழைய `A`-வின் மேல் புதிய `P` ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கீழே என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது, ஆய்வுக்கு வருகிறவருக்கும் தெரியாது.

ஜூனில் பள்ளி திறக்கும். வாசக ஒப்புதலுக்கு நாள் பிடிக்கும் என்பதால், நிரல் வேலையைத் தொடங்கும் முன்பே 'வரவில்லை' தவிர்த்த அந்த இரண்டு வாசகங்களையும் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். பள்ளியின் டி.எல்.டி. கணக்கில் ஏற்றுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கம்ப்யூட்டர் ஆசிரியர்