92 சதவீதம் என்றால் 92 மதிப்பெண் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வார இறுதிப் படங்களுக்கான அட்டவணையின் கீழே ஒரு வரி போட்டிருந்தீர்கள்: “எல்லா மதிப்பீடுகளையும் நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுத்திருக்கிறோம், வாசகர்கள் எளிதாக ஒப்பிட்டுக்கொள்ளலாம்.” படித்ததில் இருந்து மனசு ஆறவில்லை. ஐந்துக்கு 4 நட்சத்திரம் என்றால் 80. பத்துக்கு 7.4 என்றால் 74. கட்டைவிரல் உயர்த்தியவர்கள் 92 சதவீதம் என்றால் 92. மூன்றையும் கூட்டி, மூன்றால் வகுத்து, 82 என்று அச்சடித்துவிட்டீர்கள்.

கட்டைவிரல் கணக்கு, எத்தனை பேருக்குப் பிடித்தது என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு பிடித்தது என்பது அதில் கிடையாது. ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதமும் இதே வகைதான். சாதகமாக எழுதிய விமர்சகர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் அந்த எண். 60-ஐத் தொட்டால் ‘ஃப்ரெஷ்’ முத்திரை விழும். அதைப் பரீட்சை மதிப்பெண் மாதிரி படிப்பது உங்கள் அட்டவணை மட்டும் செய்கிற தவறு இல்லை. ஆனாலும் உங்கள் இதழில் அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பத்துப் பேர் இரண்டு படங்கள் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். முதல் படத்துக்குப் பத்துப் பேருமே பத்துக்கு 6 தருகிறார்கள். பரவாயில்லை ரகம். இரண்டாவது படத்தில் ஏழு பேர் சொக்கிப்போய் 10 தருகிறார்கள், மூன்று பேர் வெறுத்துப்போய் 2 தருகிறார்கள். பத்துப் புள்ளிக் கணக்கில் முதல் படம் 6, இரண்டாவது 7.6. இதே பத்துப் பேரைக் கட்டைவிரல் காட்டச் சொன்னால் முதல் படம் 100 சதவீதம், இரண்டாவது 70. ஆட்கள் அவர்களேதான், ரசனையும் அதேதான், வரிசை மட்டும் தலைகீழ். இந்த இரண்டு எண்களுக்கும் சராசரி எடுத்தால் கிடைப்பது எதன் அளவு?

எங்கள் திரைப்படக் குழுவில் நடந்ததையே சொல்கிறேன். மாதம் ஒரு படம் திரையிடுகிறோம். உறுப்பினர்கள் உங்கள் பழைய அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, “கட்டைவிரலில் 92 வாங்கிய படம் இருக்கும்போது புள்ளியில் 74 வாங்கிய இன்னொரு படம் எதற்கு?” என்று கேட்டு, அந்த 92-ஐத்தான் போட வைத்தார்கள். படம் முடிந்ததும் யாரும் குறை சொல்லவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை, அமைதியாக நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் அந்த 74-ஐப் போட்டோம். இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள், மற்றவர்கள் வாசலில் நின்று விவாதித்துக்கொண்டே இருந்தார்கள்.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். ஐந்தில் மிகக் குறைந்தது 1, பூஜ்யம் இல்லை. உங்கள் வழியில் ஐந்தால் வகுத்தால், எல்லோரும் திட்டித் தீர்த்த படத்துக்கும் 20 மதிப்பெண் இலவசமாகக் கிடைக்கிறது. நடுவில் நிற்கும் 3 நட்சத்திரம் 60 ஆகிவிடுகிறது. முதலில் 1-ஐக் கழித்து, பிறகு 4-ஆல் வகுத்தால்தான் 3 என்பது சரியாக 50-இல் நிற்கும், உங்கள் 4 நட்சத்திரம் 75 ஆகும். பத்துப் புள்ளியிலும் தொடக்கம் 1 என்றால் 9-ஆல் வகுக்க வேண்டும்: 7.4 என்பது 71.

சரி, இப்படித் திருத்தினாலும் போதாது. மக்கள் அளவுகோலை முழுசாகப் பயன்படுத்துவதில்லை. யூடியூபில் வந்த மதிப்பீடுகளில் பெரும்பாலானவை 5 நட்சத்திரம்தான் என்று 2009-இல் அந்த நிறுவனமே சொல்லி, மறு ஆண்டு கட்டைவிரலுக்கு மாறியது. எல்லோரும் 5 போடும் இடத்தில் 4.2 என்பது சுமார்தான். கறாராக மதிப்பிடும் பத்துப் புள்ளித் தளத்தில் 7.4 நல்ல இடமாக இருக்கலாம். அந்தந்தத் தளத்துக்குள் அந்தப் படம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பதே ஓரளவு நியாயமான ஒப்பீடு.

இதையெல்லாம் ஆசிரியர் குழுவுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, தெரியும். தெரிந்தும் செய்ததுதான் வருத்தம். கைப்பேசிச் சிறப்பிதழிலும் ஒரு கடையின் 4.3 நட்சத்திரத்தை இன்னொரு தளத்தின் 8.1 புள்ளியோடு அருகருகே வைத்தீர்கள். அப்போது எழுதிய கடிதத்துக்கு ஒரு வரி பதில் வரவில்லை. உங்கள் சொந்த விமர்சனங்களையே மதிப்பெண்ணிலிருந்து நட்சத்திரத்துக்கும், அப்புறம் ‘பார்க்கலாம், தவிர்க்கலாம்’ என்பதற்கும் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றினீர்கள். நறுக்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களால் பழைய விமர்சனத்தைப் புதியதோடு வைத்துப் பார்க்கவே முடிவதில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த அட்டவணையில் அந்தச் சராசரிப் பத்தியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு எண்ணையும் அதன் சொந்த அளவிலேயே, எத்தனை பேர் மதிப்பிட்டது என்பதோடு சேர்த்துப் போடுங்கள். ஒன்பது பேரின் 92-ஐயும் ஒன்பதாயிரம் பேரின் 92-ஐயும் வாசகர் பிரித்தறிய அது போதும். இடம் இல்லை என்றால், சராசரிக்கு ஒதுக்கிய பத்தியில் அது தாராளமாக அடங்கும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகர்