அந்தக் காற்று பின்முனையில் காத்திருப்பதில்லை: அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

விமானப் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம், இறக்கை எப்படி விமானத்தைத் தூக்குகிறது என்று முதல் வகுப்பிலேயே கேட்பேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் அங்கே பாதை நீளம். கீழே போன காற்றோடு பின்முனையில் ஒரே நேரத்தில் சேர்ந்தாக வேண்டும் என்பதால் மேலே போகும் காற்று விரைகிறது. விரைவதால் அழுத்தம் குறைந்து இறக்கை எழும்புகிறது. பள்ளிப் பாடத்தில் படித்ததாகச் சொல்வார்கள். நடுவில் உள்ள அந்த "ஒரே நேரத்தில்" தவறு. அதை நீக்கக் கோரியே எழுதுகிறேன்.

பிரிந்த காற்று மறுபடி சேர வேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பாபின்ஸ்கி, காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டுவிட்டுச் செலுத்திப் படமெடுத்து, 2003இல் ஒரு கட்டுரையில் வெளியிட்டார். மேலே போன புகை பின்முனையை முன்னதாகவே கடந்துவிடுகிறது; கீழே போனது பின்தங்குகிறது. இரண்டும் சேர்வதேயில்லை.

கணக்கும் ஒத்துவராது. ஏர்பஸ் ஏ380 விமானம் அதிகபட்சமாக 575 டன் எடையோடு கிளம்பும். இறக்கைப் பரப்பு 845 சதுர மீட்டர். அதாவது ஒரு சதுர மீட்டர் இறக்கை சுமப்பது சுமார் 680 கிலோ. தரையை விட்டு எழும் வேகம் மணிக்கு 290 கி.மீ. என்று கொண்டால், பாதை நீள வித்தியாசம் மட்டுமே இந்தச் சுமையைத் தூக்க, மேற்பரப்பு கீழ்ப்பரப்பைவிட 65 சதவீதம் நீளமாக இருக்க வேண்டும். அப்படியொரு இறக்கை எந்த விமானத்திலும் இல்லை.

உண்மையில் நடப்பது இது. இறக்கை எதிர்க்காற்றுக்குச் சற்றுச் சாய்வாக நிற்கிறது. அதன் மேற்பரப்பை ஒட்டிப் போகும் காற்று, அந்த வளைவோடு கீழ்நோக்கி வளைகிறது. ஓடும் காற்றை வளைக்க வேண்டுமென்றால் வளைவின் உட்புறத்தில் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். வெளியே இருப்பது சாதாரண காற்றழுத்தம். ஆகவே இறக்கையை ஒட்டிய இடத்தில் அது குறைகிறது. குறைந்த அழுத்தத்தை நோக்கி வரும் காற்று விரைகிறது. வேகம் கூடுமிடத்தில் அழுத்தம் குறையும் என்ற பெர்னூலி விதி பொய்யில்லை, நீங்கள் காரணமாகச் சொல்லும் வேகம்தான் உண்மையில் விளைவு.

இவ்வளவு கனம் எப்படி நிற்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. தரைமட்டத்தில் வளிமண்டலம் ஒவ்வொரு சதுர மீட்டரையும் பத்து டன்னுக்கு மேல் அழுத்துகிறது. இறக்கையின் மேலும் கீழும் அதில் பதினைந்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் 680 கிலோ கிடைத்துவிடும். இதையே நியூட்டன் வழியில் பார்த்தால், 80 மீட்டர் அகல இறக்கை ஒவ்வொரு நொடியும் சுமார் 480 டன் காற்றை, நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர் வேகத்தில் கீழே தள்ளுகிறது. காற்று கீழே போகிறது, விமானம் மேலே நிற்கிறது. இரண்டும் ஒரே நிகழ்வின் இரு கணக்குகள்.

சொற்பிழைக்காக இவ்வளவு பேசவில்லை. உங்கள் விளக்கத்தில் சாய்வுக் கோணத்துக்கு இடமே இல்லை; விமானியின் உயிரோ அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது. கோணம் கூடக்கூடத் தூக்குவிசை கூடும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல், பல இறக்கைகளில் சுமார் 15 பாகையில், காற்றால் மேற்பரப்பை ஒட்டி வளைய முடியாது. பிரிந்து சுழலத் தொடங்கும், தூக்குவிசை சரியும். இதைத்தான் விமானிகள் ஸ்டால் என்கிறார்கள்.

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் பெருங்கடல் மேல் பறந்த ஏர் பிரான்ஸ் 447இல், வேகம் அளக்கும் குழாய்களைப் பனித்துகள் அடைத்தது. குழப்பத்தில் விமானத்தின் மூக்கு மேலே இழுக்கப்பட்டது. கோணம் 35 பாகையையும் தாண்டியது. மூன்றரை நிமிடத்தில் விமானம் கடலில் விழுந்தது; 228 பேர் இறந்தார்கள். என்ஜின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இறக்கையின் வளைவு மாறவில்லை, பாதையின் நீளம் மாறவில்லை, மாறியது கோணம்.

ஒரு திருத்தமும் ஒரு சோதனையும் கேட்கிறேன். "ஒரே நேரத்தில்" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, சாய்ந்த இறக்கையையும் கீழ்நோக்கி வளையும் காற்றையும் வரையுங்கள். உதட்டுக்கடியில் தாளைப் பிடித்து மேலே ஊதினால் தாள் எழும்பும் என்ற செய்முறை இருக்கட்டும். ஆனால் அதன் மறுபாதியையும் சேருங்கள். அதே தாளை நேராகத் தொங்கவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் உரசிச் செல்லும்படி மேலிருந்து கீழாக ஊதச் சொல்லுங்கள். வேகமான காற்று மட்டும் போதுமென்றால் தாள் அந்தப் பக்கம் இழுபட வேண்டும். அது ஏன் அநேகமாக அசைவதில்லை என்பதைப் பிள்ளைகளே வகுப்பில் கேட்கட்டும்.

இப்படிக்கு,
முதலாண்டு வகுப்பில் அந்தப் பாடத்தை மறக்கச் செய்துகொண்டிருக்கும் ஓர் ஆசிரியர்