‘அமிலம் சேர்’ என்றால் எவ்வளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் உப்புப் பகுப்பாய்வு பற்றிய கட்டுரை வாசித்தேன். நல்ல கட்டுரை, ஆனால் உலோக அயனிகளில் இரண்டாம் தொகுதியைப் பிரிக்கும் இடத்தில் “கரைசலை அமிலமாக்கி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்த வேண்டும்” என்று ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். எவ்வளவு அமிலம் என்று ஒரு சொல் இல்லை. பி.எஸ்சி. மாணவர்களுக்கு ஆய்வகத்தில் பல வருஷமாகக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கலவை உப்புகளில் பாதித் தவறுகள் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கின்றன.

விஷயம் இதுதான். ஹைட்ரஜன் சல்பைடு மிக வலுக்குறைந்த அமிலம். சாதாரண வெப்பநிலையில் வாயுவைத் தெவிட்டும் வரை விட்டால் கரைசலில் சுமார் 0.1 மோலார் நிற்கும், அதைப் பெரிதாக மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது ஹைட்ரஜன் அயனி மட்டும்தான். அமிலம் கூடினால் சல்பைடு அயனி குறையும், பொது அயனி விளைவு என்று எல்லோரும் எழுதுகிறோம், சரி. ஆனால் ஒரு மூலக்கூறிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் போக வேண்டியிருப்பதால் அந்தக் குறைவு வர்க்கத்தில் நடக்கிறது. அமிலத்தைப் பத்து மடங்கு கூட்டினால் சல்பைடு நூறு மடங்கு இறங்கிவிடும். கட்டுரையில் வராமல் போனது இந்த வர்க்கம்தான்.

காட்மியமும் துத்தநாகமும் சேர்ந்த கலவையை எடுத்துக்கொள்வோம். காட்மியம் இரண்டாம் தொகுதி, துத்தநாகம் நான்காம் தொகுதி. இரண்டும் 0.01 மோலார் இருப்பதாக வையுங்கள். 0.3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வாயுவைச் செலுத்தினால் காட்மியம் மஞ்சளாக இறங்கும். குளோரைடு அயனி கொஞ்சம் காட்மியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதையும் கணக்கில் சேர்த்தால்கூடக் கரைசலில் மிஞ்சுவது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குக்குள்தான். துத்தநாகமோ, புதிதாக உருவாகும் சல்பைடுக்குரிய கரைதிறன் மாறிலியை வைத்துப் பார்த்தால், இதே அமிலத்தில் 0.027 மோலார் வரை கரைந்தே நிற்க முடியும். நம்மிடம் இருப்பது 0.01தான், ஆகவே அசையாது. இப்போது அமிலத்தை 0.03க்கு இறக்கிப் பாருங்கள். அந்த 0.027 நூறில் ஒரு பங்காகி 0.00027 ஆகிவிடும். துத்தநாகத்தில் பெரும்பகுதி காட்மியத்தோடு சேர்ந்து கீழே வந்துவிடும். எதிர்ப்பக்கம் 3 மோலார் அமிலத்துக்குப் போனால் சல்பைடும் குறைவு, குளோரைடும் காட்மியத்தைப் பலமாகப் பிடித்துக்கொள்ளும், மஞ்சளே வராது. செம்புக்கு இந்தக் கவலை இல்லை, அதன் சல்பைடு அவ்வளவு கரையாதது. அதனால் செம்பை மட்டும் செய்து பழகிய மாணவருக்கு அமில அளவு முக்கியம் என்றே தோன்றாது.

புத்தகங்களில் இந்த இடத்தில் சல்பைடு அயனியின் செறிவு 10⁻²¹ மோலார் என்று போட்டிருப்பார்கள். லிட்டருக்கு அறுநூறு சொச்சம் அயனிகள்! 5 மில்லி கரைசலில் மூன்று. மூன்று அயனி எப்படி அய்யா இவ்வளவு வீழ்படிவைத் தரும் என்று ஒரு மாணவி கேட்டாள், நியாயமான கேள்வி. வீழ்படிவாவது அந்த மூன்றை நம்பி இல்லை. கரைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடுதான் உலோக அயனியோடு வினைபுரிந்து சல்பைடாகிறது, அமிலம் அந்த வினையை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதே கேள்வி. ஹைட்ரஜன் சல்பைடின் இரண்டாம் அயனியாதல் மாறிலிக்குப் பிற்காலத்தில் வந்த மதிப்பு பழைய பாடநூல் மதிப்பைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறியது. அதை வைத்தால் அந்த மூன்றுகூட மிஞ்சாது. ஆனாலும் கரைதிறன் பெருக்க மதிப்புகளும் அதே அளவுக்கு மாறுவதால் பிரிப்பின் கணக்கு பழையபடியே நிற்கும். ஆகவே 10⁻²¹ஐ மனப்பாடம் செய்வதைவிட அமிலத்தின் வர்க்கத்தைப் பிடித்துக்கொள்வதே மேல்.

சரி, 0.3ஐ எப்படிக் கொண்டுவருவது? கரைசலை அம்மோனியாவால் நடுநிலைக்குக் கொண்டுவந்து, 6 மோலார் அமிலம் 5 சொட்டு விட்டு, தண்ணீர் சேர்த்து மொத்தம் 5 மில்லி ஆக்கினால் கிட்டத்தட்ட 0.3 வரும். சந்தேகம் இருந்தால் மெத்தில் வயலட் தாளில் ஒரு சொட்டு வையுங்கள். நீலப்பச்சையாக மாறினால் சரியான இடம். நீலமாகவோ ஊதாவாகவோ நின்றால் அமிலம் போதவில்லை, மஞ்சளுக்குப் போய்விட்டால் அதிகம்.

ஆனால் ஒருமுறை சரிசெய்துவிட்டு மறந்துவிடக் கூடாது, ஏனென்றால் வினையே அமிலத்தை உண்டாக்குகிறது:

Cd²⁺ + H₂S → CdS + 2H⁺

காட்மியமோ செம்போ 0.1 மோலார் இருந்தால் முழுதும் வீழ்படிவாகி முடியும்போது 0.2 மோலார் அமிலம் புதிதாகச் சேர்ந்திருக்கும், 0.3ல் ஆரம்பித்தது 0.5ல் வந்து நிற்கும். அதனால் வீழ்படிவை வடிகட்டியபின் கிடைக்கும் நீரில் கொஞ்சம் எடுத்து, சம அளவு தண்ணீர் விட்டு, மறுபடி வாயுவைச் செலுத்திப் பார்க்க வேண்டும். திரும்ப மஞ்சள் வந்தால் முதல் தடவை முடியவில்லை என்று அர்த்தம். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் நான்காம் தொகுதியில் துத்தநாக சல்பைடு வெள்ளையாக வராமல் மஞ்சளடித்து வரும். அமிலம் குறைந்துபோனால் அதைவிடச் சிரமம். வெள்ளை மஞ்சளுக்குள் ஒளிந்துகொள்ளும், கண்ணுக்குத் தெரியாது, நான்காம் தொகுதியில் ஒன்றும் வரவில்லையே என்று அப்புறம்தான் முழிக்க வேண்டும். வடிகட்டாமல் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாலும் இதே கதைதான், ஏற்கெனவே இறங்கிய சல்பைடின் மேல் துத்தநாகம் மெல்ல வந்து படியத் தொடங்கும். வீழ்படிவு முடிந்ததும் வடித்துவிட வேண்டும்.

இன்னொரு ஏமாற்று வேலை நைட்ரிக் அமிலத்தால் வரும். உப்பைக் கரைக்க அதைப் பயன்படுத்தி, முழுதும் விரட்டாமல் விட்டால், அது ஹைட்ரஜன் சல்பைடைக் கந்தகமாக்கிவிடும். பால் மாதிரி வெளிர் மஞ்சள் கலங்கல், வடிதாளிலும் சரியாகத் தங்காது. ஃபெர்ரிக் இரும்பு இருந்தாலும் இப்படித்தான். அதைப் பார்த்து இரண்டாம் தொகுதி உண்டு என்று எழுதிவிடுகிறார்கள்.

கட்டுரையில் மூன்றாம் தொகுதிக்குப் போகும் முன் வடித்த நீரைக் கொதிக்க வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் ஏன் என்று சொல்லவில்லை. கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு மிச்சம் இருக்கும்போது அம்மோனியாவைச் சேர்த்தால் ஹைட்ரஜன் அயனி ஒரேயடியாக இறங்கிவிடும், சல்பைடு பல கோடி மடங்கு ஏறிவிடும், துத்தநாகம், மாங்கனீஸ், கோபால்ட், நிக்கல் எல்லாம் அலுமினியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து மூன்றாம் தொகுதியிலேயே விழுந்துவிடும். நான்காம் தொகுதியில் நாமே வேண்டிச் செய்யும் வேலை ஒரு படி முன்னதாக நடந்துவிடுகிறது. ஆகவே ஆவியில் லெட் அசிடேட் தாளைக் காட்டி, அது கறுக்காமல் நிற்கும் வரை ஃப்யூம் ஹூடில் வைத்துக் கொதிக்கவிட வேண்டும்.

அடுத்த இதழில் இந்தக் கட்டுரையின் தொடர்ச்சி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். செய்முறைத் தேர்வுக்கு அதை வெட்டி வைத்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். “அமிலமாக்கி” என்ற இடத்தில் “0.3 மோலார் அமிலத்தில், வடித்த நீரை நீர்த்து மறுபடி வாயு செலுத்திப் பார்த்து” என்று ஒரு திருத்தம் போட முடிந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
கல்லூரி வேதியியல் ஆசிரியர் ஒருவர்