அப்பாயின்ட்மென்ட்டை மாற்றிக் கேட்கும்போது

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

கிளினிக்குக்கு அனுப்பலாமா என்று கேட்டு நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அதை இப்படியே அனுப்பாதே. 'செவ்வாய்க்கிழமை வர முடியாது' என்று தொடங்கி, ஆபீசில் நடந்ததை எல்லாம் சொல்லி, 'வேறு ஒரு நாள் சொல்லுங்கள்' என்று முடித்திருக்கிறாய். இத்தனை வருஷம் கிளினிக் வரவேற்பில் வேலை பார்த்தவள் நான். இதைப் படித்தால், நேரத்தை ரத்து செய்யச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைப்பேன். நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடுவார்கள்.

அதனால் மாற்றித் தரச் சொல்லித்தான் எழுதுகிறாய் என்பது முதல் வரியிலேயே தெரியட்டும். உன் முழுப் பெயரும் பதிவு எண்ணும் அங்கேயே வர வேண்டும். ஒரே பெயரில் பலர் வருவார்கள், எண் இல்லாவிட்டால் தேடிக்கொண்டிருப்பார்கள். இப்படி எழுது:

"வணக்கம். 14ஆம் தேதி செவ்வாய் காலை 10 மணிக்குத் தைராய்டு டாக்டரிடம் எனக்குள்ள அப்பாயின்ட்மென்ட்டை மாற்றித் தர முடியுமா? (உன் பெயர், பதிவு எண்.) அன்று அலுவலகத்தில் தவிர்க்க முடியாத வேலை வந்துவிட்டது. 16 வியாழன் மாலை 5 மணிக்குப் பிறகு, அல்லது 17 வெள்ளி காலை 11 மணிக்குள் வர முடியும். மாத்திரை 18ஆம் தேதி வரைதான் இருக்கிறது. சிரமத்துக்கு மன்னிக்கவும். நன்றி."

காரணம் ஒரே வரி போதும். செய்தியைப் படிப்பவர் டாக்டர் இல்லை, முன்னால் இருக்கும் ஊழியர். அவருக்கு உன் ஆபீஸ் கதையும் வேண்டாம், உடம்பு விவரமும் வேண்டாம். ஆனால் காய்ச்சலோ சளியோ இருந்து அதனால் மாற்றுகிறாய் என்றால் அதை மட்டும் சொல்லிவிடு. சில பரிசோதனைகளையும் சிகிச்சைகளையும் அந்த நிலையில் செய்ய மாட்டார்கள், அதற்கேற்ப நாள் கொடுப்பார்கள்.

மாத்திரை பற்றிய வரியை நீ விட்டிருந்தாய். எனக்கு அதுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் மூன்று வாரம் கழித்துக்கூட நாள் கொடுப்பார்கள். இருந்தால், சீக்கிரம் இடம் தேடுவார்கள், இல்லாவிட்டால் அதுவரைக்கு மருந்துச் சீட்டு தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்பார்கள். 'எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்' என்பதும் பணிவாகத் தோன்றும், ஆனால் அவர் ஒரு நேரம் சொல்ல, நீ மறுக்க, செய்தி போய்வந்துகொண்டே இருக்கும். நீயே இரண்டு நேரம் சொன்னால் ஒரே பதிலில் முடியும்.

டாக்டரைப் பார்க்கும் முன் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறதா என்று உன் சீட்டில் பார். இருந்தால் மாலை நேரம் கேட்காதே, காலையை மட்டும் எழுது.

புது நேரத்தை அவர்கள் உறுதி செய்து பதில் அனுப்பும்வரை, மாறிவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. இன்று சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் போன் பண்ணிக் கேள். நாளைக்குத்தானே செவ்வாய்!

அன்புடன்,
அம்மா