ஏ.டி.எம். கார்டு மகனிடம், கையெழுத்து தாயிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் ஓய்வூதியத்தை உறவினர்களே எடுத்துக்கொள்வது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, அதில் பாதிக் காலத்தை ஓய்வூதியக் கணக்குகளோடு கழித்தவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்த முறைகேட்டுக்குப் பெரும்பாலும் சாட்சி இருக்காது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அதன் தடம் இருக்கும்.

பெற்றோரின் கார்டையும் பாஸ்புக்கையும் பிள்ளை வைத்திருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலியோடு படியேற முடியாத தாய்க்காக மாதாமாதம் பணம் எடுத்து வந்து, பைசா சுத்தமாகக் கணக்குச் சொல்லும் பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். ஆகவே புத்தகம் யார் பீரோவில் இருக்கிறது என்று கேட்பதைவிட, தன் ஓய்வூதியம் எவ்வளவு, கணக்கில் மீதி எவ்வளவு என்று அந்த முதியவருக்குத் தெரியுமா என்று கேட்பதே பொருத்தம்.

எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு மூதாட்டியின் கதையை, அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். இவருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வயது 81. "பென்ஷன் எவ்வளவும்மா வருது?" என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். "பன்னெண்டாயிரம் சார். சின்னவன்தான் எடுத்துட்டு வரான். அரிசி, மாத்திரை எல்லாம் போக மூவாயிரம் என் கையில குடுப்பான்" என்றார். எனக்கு அது உறுத்தியது. 80 வயது நிறைந்தவர்களுக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். அது குடும்ப ஓய்வூதியத்துக்கும் உண்டு. அதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு வருடமாக அவர் பாஸ்புக்கையும் பார்த்திருக்கவில்லை.

மகனிடம் புத்தகத்தைக் கேட்டு வாங்கச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். அதற்கு அவசியமும் இல்லை, கணக்கு அந்த அம்மாவுடையது. ஆதார் அட்டையோடும் பென்ஷன் புத்தகத்தோடும் கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்தால், சிறு கட்டணத்தில் மறுபிரதிப் பாஸ்புக் கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஆட்டோவில் போய் வாங்கி வந்தார். அதை நானும் அவரும் திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம்.

முன்பு அவரே பணம் எடுத்த காலத்தில் மாதத்தில் இரண்டு மூன்று முறை, இரண்டாயிரம், மூவாயிரமாக எடுத்திருக்கிறார். சிறிது சிறிதாக மீதி சேர்ந்திருக்கிறது. கார்டு கைமாறிய பிறகு, ஓய்வூதியம் வரவான மறுநாளே 10,000, அடுத்த நாள் 3,500 என்று ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டு, மீதி சில நூறுகளில் நிற்கிறது. மாதம் தவறாமல் இதே கதை. 80 வயது நிறைந்தபின் ஏறக்குறைய 18,000 வரவாகியிருக்கிறது. அதற்கு முன்பே தொடங்கிய வேறொரு பற்றும் இருந்தது: மாதம் 4,200 ரூபாய் கடன் தவணை. ஓய்வூதியத்தின் பேரில் வாங்கிய கடன் அது. "நாமினி பேர் மாத்தணும்னு வங்கிக்குக் கூட்டிட்டுப் போய்க் கையெழுத்து வாங்கினான்" என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. அந்த மேசையில் இருந்த அலுவலர் மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இது கடன் பத்திரம், தெரியுமாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் கடனே இல்லை. என் துறையினரைக் குறை சொல்வது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. ஆனால் சொல்லாமல் விட முடியாது.

அன்றே அவர் எழுதிக் கொடுத்தவை இரண்டு. பழைய ஏ.டி.எம். கார்டை முடக்க வேண்டும். கணக்கோடு இணைந்திருந்த மகனின் கைபேசி எண்ணை நீக்கித் தன் எண்ணைச் சேர்க்க வேண்டும். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எண் மகனுடையதாக இருக்கும்வரை, குறுஞ்செய்தியும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் மகனுக்கே போகும். முடக்குவதில் தாமதமும் கூடாது. கார்டையும் ரகசிய எண்ணையும் தாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு வாடிக்கையாளருடையது என்பதும், தெரிவித்த பின் ஏற்படுவது வங்கியின் பொறுப்பு என்பதும் ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதி. ஆகவே கடிதத்தின் நகலில் தேதி முத்திரை வாங்குவது கட்டாயம்.

புதிய கார்டு வேண்டாம் என்றார். வீட்டுச் செலவுக்கு மாதம் 6,000 ரூபாய் மகன் கணக்குக்குத் தானாகப் போகும்படி நிலையான உத்தரவு எழுதிக் கொடுத்தார். மகனுக்கும் இது கௌரவக் குறைவாகப் படவில்லை. கொடுப்பது பாஸ்புக்கில் தெரிகிறது, அவ்வளவுதான். படுக்கையில் விழுந்தால் என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்டார். அதற்கும் வழி இருக்கிறது. கையெழுத்திட இயலாதவர் படிவத்தில் பெருவிரல் ரேகை வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். பணத்தை யாரிடம் கொடுப்பது என்பதையும் முதியவரே குறிப்பிடலாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்யும் ஏற்பாடும் உண்டு.

இவற்றுக்குப் பதிலாக "கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றிவிடலாம்" என்று பிள்ளைகள் சொல்வது வழக்கம். இருவரில் எவர் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகைக் கூட்டுக் கணக்கில் மகன் முழுப் பணத்தையும் எடுத்தாலும் வங்கி தடுக்காது. நாமினி நியமனம் அப்படிப்பட்டதன்று. அது கணக்குதாரரின் மறைவுக்குப் பிறகே பயன்படும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் கையெழுத்திட்டவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் பணத்தையும் பிடுங்கிக்கொண்டு சோறும் போடாத நிலையில், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கே கிடைப்பது பராமரிப்புத் தொகைக்கான ஆணை. ஏமாற்றி எடுத்த பணத்துக்குக் காவல் நிலையத்தில்தான் புகார் செய்ய வேண்டும். எங்கு தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். இந்த அம்மா புகார் கொடுக்க மறுத்துவிட்டார். "அவன் பிள்ளைங்க படிக்குதுங்க சார்" என்றார். அது அவர் முடிவு.

தங்கள் இதழின் வழியாக ஓய்வூதியத் துறைக்கும் வங்கிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ்வுச் சான்றுக்காக முதியவரைப் பார்க்கிறீர்கள். இப்போது அஞ்சல் ஊழியர் வீட்டுக்கே வந்து ரேகை எடுத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் முதியவரை வெளியாள் ஒருவர் தனியே பார்க்கும் கடைசி வாய்ப்பும் அதனால் போய்விடக் கூடாது. கூட வந்தவரைச் சற்று விலகி நிற்கச் சொல்லி, "உங்கள் ஓய்வூதியம் எவ்வளவு? கார்டு யாரிடம் இருக்கிறது?" என்ற இரண்டு கேள்விகளை அந்த நேரத்தில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

அந்த அம்மாவின் கடன் தவணை இன்னும் பதினோரு மாதம் ஓடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்.