இரண்டு டிக்கெட்டும் மூன்று மணி நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பயணத்தில் நடுவழியில் விமானம் மாற மூன்று மணி நேரம் தாராளம் என்று பயணப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெரும்பாலும் சரி. மலிவாகக் கிடைக்கிறதென்று தனித்தனியாக வாங்கியிருந்தால் அதே மூன்று மணி நேரம் போதாது. முனையத்தின் அமைப்பே அதற்குக் காரணம்.

செக்-இன் கவுன்டர்களும் வழியனுப்ப, வரவேற்க வருபவர்கள் நிற்கும் இடங்களும் லேண்ட்சைடு. பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் உள்ள காத்திருப்புக் கூடமும் கேட்களும் ஏர்சைடு. ஒரே டிக்கெட்காரர் பொதுவாக ஏர்சைடை விட்டு வெளியே வருவதே இல்லை. 'டிரான்ஸ்பர்' பலகையைப் பின்தொடர்ந்து, பல இடங்களில் இன்னொரு பாதுகாப்புச் சோதனை முடித்து, அடுத்த கேட்டுக்குப் போய்விடுவார். பெட்டி தானாகவே விமானம் மாறும். (அமெரிக்கா விதிவிலக்கு. வெளிநாட்டிலிருந்து இறங்குபவர் பொதுவாக அங்கே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும்.)

தனி டிக்கெட்காரரின் பெட்டி முதல் டிக்கெட் முடியும் ஊரிலேயே பெல்ட்டுக்கு வந்துவிடும். பெல்ட் இருப்பது இமிக்ரேஷனுக்கு அந்தப் பக்கம். ஆகவே அவர் அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். விசா தேவைப்படும் நாடென்றால் அது இல்லாமல் பெட்டியைத் தொட முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானம் 10:00 மணிக்குத் தரையிறங்குகிறது, அடுத்தது 13:00. கதவு திறந்து நடந்து வர 10:20. இமிக்ரேஷன் வரிசையில் 40 நிமிடம், பெட்டிக்கு 20 நிமிடம் என்றால் 11:20. சுங்கம் தாண்டி, மேல்தளத்துப் புறப்பாட்டுக் கூடம் போய்ச் சேர 11:35. வெளிநாட்டு விமானங்களுக்குச் செக்-இன் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே மூடிவிடும், அதாவது 12:00. கையில் மிஞ்சுவது 25 நிமிடம். முதல் விமானம் அரை மணி தாமதமானால் கவுன்டர் மூடியிருக்கும். விமானம் கேட்டில்தான் நிற்கும், ஆனால் ஏற முடியாது. இரண்டாவது டிக்கெட்டை விற்ற நிறுவனத்துக்கு உங்கள் முதல் விமானத்தோடு சம்பந்தமில்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான்.

இதைப் புறப்படும் ஊரிலேயே கண்டுபிடிக்கலாம். பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் சீட்டில் பெரிதாக மூன்றெழுத்து இருக்கும். அதன் துண்டு உங்கள் கைக்கும் வரும். துபாய் வழியாக லண்டன் ஹீத்ரோ போகிறவருக்கு அதில் LHR என்று இறுதி ஊர் இருக்க வேண்டும். DXB மட்டும் இருந்தால் பெட்டி துபாயிலேயே இறங்கிவிடும். கவுன்டரை விட்டு நகரும் முன் அதைப் படித்துவிட்டு, கடைசி ஊர்வரை சீட்டுப் போட முடியுமா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் தனி டிக்கெட்டுக்கும் போட்டுத் தருகின்றன. முடியாதென்றால் கைப்பையோடு மட்டும் போவது, இல்லையேல் இடைவெளியை ஐந்தாறு மணி நேரமாக்குவது; வேறு வழியில்லை.

இப்படிக்கு,
விமான நிலையத் தரைச்சேவை ஊழியர் ஒருவர்