பெண்கள் பக்கத்துப் பேச்சு

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேச ஆரம்பித்தால் நீ பாதியிலேயே கோபப்பட்டு வைத்துவிடுகிறாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெதையோ சொல்லிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் பெரிய மாமி வீட்டுக் கல்யாணத்துக்கு நீயும் மருமகளும் கீழக்கரைக்கு வரணும். போன தடவை நடந்தது மறுபடி நடக்கக் கூடாது.

போன தடவை என்ன நடந்தது என்று நீ நினைக்கிறாயோ தெரியவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். முற்றத்தில் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அவள் உன்னை விட மூத்தவள் என்பதை வைத்து, பெரிய மாமி மருமகளைப் பார்த்து, "பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்தானா, ராத்தாவைக் கூட்டிட்டு வந்தானா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்த முகமாகத்தான் இருந்தேன். அந்த நேரத்தில் வேறு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அது என் தப்பு, அதை மருமகளிடமே சொல்லிவிட்டேன். தண்ணீர் கேட்டு உள்ளே வந்த நீ அதைக் கேட்டுவிட்டு, "எங்க வயசு உங்களுக்கு எதுக்கு? நீங்களா எங்களுக்குச் சோறு போடுறீங்க?" என்று கத்தினாய். மாமி அழுதார். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் பேச்சு மாறிவிட்டது. மாமி என்ன சொன்னார் என்று ஒருத்தரும் பேசவில்லை, நீ மாமியைக் கத்தினதை மட்டும்தான் பேசினார்கள். மருமகள் மொட்டை மாடியில் தனியாக நின்றாள். நான் மேலே போனபோது என்னிடம் சொன்னது இதுதான்: "மாமி சொன்னதுக்கு நானே பதில் சொல்லியிருப்பேன் உம்மா. அவர் கத்தினதுதான் எனக்கு வெட்கமாப் போச்சு."

இதை அவள் உன்னிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல் நீயே கேள். அவளுக்காகப் பேசுவதற்கு முன்னால் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பேசு.

இன்னொரு விஷயமும் மனதில் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். முதலில் நீ என்னிடம் "4, 5 வயசுதான் வித்தியாசம்" என்று சொன்னாய். நான் அதையே எல்லாரிடமும் சொன்னேன். சென்னையில் நிக்காஹ் பதிவேட்டில் பிறந்த தேதி எழுதும்போது சாச்சா பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறார். உனக்கு 28, அவளுக்கு 39 என்பது திரும்பி வரும் ரயிலில் அவர் வாயிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் என்னோடு சேர்ந்துதான் தெரிந்தது. 11 வருஷம் என்பது எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை, மகனே. நீ என்னிடம் மறைத்தாய் என்பதுதான் வலித்தது. ஊர்ப் பேச்சுக்கும் அங்கேதான் விதை விழுந்தது. மறைத்ததைக் கண்டுபிடித்தவர்கள் அதை விட மாட்டார்கள். முதலிலேயே 11 என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் பேசி ஓய்ந்திருப்பார்கள். இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல். "என்னை விட 11 வயசு மூத்தவங்க." அதோடு நிறுத்து. எப்படிப் பழக்கம், ஏன் பிடித்தது, அவள் எவ்வளவு நல்லவள் என்றெல்லாம் விளக்கம் சொல்லாதே. விளக்கம் சொன்னால், நீ அனுமதி கேட்கிறாய் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உன் வாப்பாவுக்கும் எனக்கும் 15 வருஷம் வித்தியாசம். எனக்கு 18, அவருக்கு 33. அன்று இந்த ஊரில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. ஆண் மூத்தவர் என்றால் யாருக்கும் எண்ணத் தோன்றாது. ஆனால் வெளியூரில் கேட்பார்கள். கல்யாணமான புதிதில் எனக்குக் காய்ச்சல் என்று ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் வாப்பாவைப் பார்த்து, "பொண்ணுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டது. நான் தலைகுனிந்துவிட்டேன். வாப்பா நிதானமாக, "என் வீட்டுக்காரி. ரெண்டு நாளாக் காய்ச்சல். டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?" என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நர்ஸ் மணியைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

அதற்குப் பிறகும் எத்தனையோ இடத்தில் அவர் அப்படித்தான் பேசினார். இப்போது நினைத்துப் பார்த்தால்தான் அதன் சூட்சுமம் எனக்குப் புரிகிறது. நீ அன்று கேட்டது இரண்டும் கேள்வி. கேள்வி கேட்டால் பதில் வரும், பதிலுக்குப் பதில் வளரும். வாப்பா உள்ளதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டிய வேறு ஒரு பேச்சுக்குப் போய்விடுவார். நீயும் செய்து பார். யாராவது "என்னப்பா, ராத்தா மாதிரி இருக்கா" என்றால், "என் வீட்டுக்காரி, மாமா. உங்க மகன் சவூதியிலிருந்து எப்போ வர்றான்?" என்று கேள். பத்துப் பேர் கேட்டால் பத்துப் பேருக்கும் அதே வரிதான். வார்த்தையை மாற்றாதே. மாற்றினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று தோண்டுவார்கள்.

கதீஜா நாயகியை நீ இழுப்பாய் என்று எனக்குத் தெரியும். நம் நபிகளை விட அவர்கள் 15 வயது மூத்தவர்கள், நிக்காஹ் நடந்தபோது 40 வயது என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நானும் மனதுக்குள் அதை நினைத்துத்தான் முதலில் ஆறுதல் அடைந்தேன். ஆனால் சபையில் அதை எடுத்து வீசாதே. உன் சித்தி மகன் அப்படித்தான் சாச்சாவிடம் சொல்லிப் பார்த்தான். "அப்போ இவன் என்ன நபியா?" என்று அவர் திருப்பினார். பேச்சு எங்கேயோ போய், எல்லாருக்கும் பாவம் சேர்ந்ததுதான் மிச்சம். உங்கள் இரண்டு பேர் மனதுக்குள் அது இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கல்யாண வீட்டில் நீ ஆண்கள் பக்கம் இருப்பாய். பேச்சு நடப்பது பெண்கள் பக்கம். அங்கே நீ வந்து நிற்க முடியாது. போன தடவை வந்தது தற்செயல். அதனால் அங்கே அவளுக்குத் துணை நிற்க வேண்டியவள் நான். என் சொந்தக்காரர்களுக்கு நான்தான் பதில் சொல்லணும், அவள் இல்லை.

அதற்காக நானே பெரிய மாமி வீட்டுக்குப் போனேன். ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டு முடித்த பிறகு, அவர் தனியாக இருக்கும்போது. நாலு பேர் முன்னால் கேட்டிருந்தால் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். "மதினி, நீங்க அன்னைக்கு ராத்தான்னு சொன்னது அந்தப் பிள்ளைக்கு வலிச்சிருக்கு. எனக்கும் வலிச்சது. என் மகன் கத்தினது தப்பு, அதுக்கு நான் மன்னிப்புக் கேக்குறேன். ஆனா இனிமே அதைச் சொல்லாதீங்க" என்றேன். முதலில் விளையாட்டுக்குச் சொன்னேன் என்றார். நான் எழுந்து வரவில்லை, பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உண்மை வந்தது. "நம்ம தம்பிக்கு இருக்கறது ஒரே ஆம்பளைப் பிள்ளை. அவளுக்கு இப்பவே 39. எப்போ பிள்ளை பெத்து, எப்போ வளர்க்கறது?" என்றார். ராத்தா என்ற கேலிக்குள் இருந்தது அந்தக் கவலைதான். தம்பி, அதாவது உன் வாப்பா, போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகியும் அவர் துக்கம் ஆறவில்லை. அது எனக்குப் புரிந்தது. ஆனாலும், "அது அவங்க ரெண்டு பேர் காரியம். நானே கேட்டதில்லை. நீங்களும் அவகிட்ட கேக்காதீங்க. கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு போனில் இரண்டு தடவை மருமகளை நலம் விசாரித்தார், வயதைப் பற்றிப் பேசவில்லை. இதற்கு மேல் நானும் எதிர்பார்க்கவில்லை.

எல்லாப் பேச்சையும் கேலியென்று எடுத்துக்கொள்ளாதே. என் தங்கச்சி ஒரு நாள் அஸர் நேரத்தில் ஒரு கிண்ணம் தொதல் எடுத்துக்கொண்டு தனியாக வந்தாள். "ராத்தா, பின்னாடி அவளுக்கு முடியாமப் போனா இவன் பார்த்துக்குவானா?" என்று மெதுவாகக் கேட்டாள். அது பயத்தில் வந்த கேள்வி. வாப்பா மௌத்தானபோது அவருக்கு 61, எனக்கு 46. நாலு மாசம் பத்து நாள் நான் இத்தா இருந்தபோது என் பக்கத்திலேயே இருந்தவள் அவள்தான். கடைசி இரண்டு வருஷம் அவரை எழுப்பி உட்கார வைத்து ஊட்டியதையும் பார்த்தவள். வயது வித்தியாசத்தின் கனம் அந்த இடத்தில்தான் தெரியும், வெளியே பேசுகிறவர்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. மருமகளுக்கு 65 ஆகும்போது உனக்கு 54. நீ இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய். இதை நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? எனக்குச் சொல்ல வேண்டாம், நீங்கள் பேசினால் போதும். தங்கச்சிக்கு நான் "பார்த்துக்குவான்" என்று சொன்னேன். அதோடு விட்டுவிட்டாள், யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. கேலி செய்கிறவர்கள் தனியாக இருக்கும்போது வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சிரிக்க ஆள் வேண்டும்.

சாச்சா அந்த வகை. நான் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், கேட்கவில்லை. நீ கோபப்படுவதைப் பார்க்கவே அவர் பேசுகிறார். அவரிடம் அந்த ஒரு வரிகூட வேண்டாம். "வர்றேன் சாச்சா" என்று எழுந்து போய்விடு. சலாம் சொல்வதை மட்டும் விட்டுவிடாதே.

சாப்பாட்டுக்கு ஒரு சஹன் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்காரணும். மருமகளை என் சஹனில் உட்கார வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் உன் தங்கச்சி, எதிரில் என் தங்கச்சி. யார் என்ன கேட்டாலும் முதலில் என் காதில் விழும். அவளுக்கு இது பிடிக்குமா என்று கேள். காவல் போட்டு உட்கார வைத்த மாதிரி இருக்கிறது என்று அவள் நினைத்தால், இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரட்டும். அவள் என்னைப் பார்த்தால் நான் எழுந்து போவேன். என்னைப் பார்க்காத வரை அவளே பேசிக்கொள்வாள் என்று இருந்துவிடுவேன்.

சேது எக்ஸ்பிரஸில் வந்து ராமநாதபுரத்தில் இறங்குங்கள். மச்சான் காரோடு வந்து நிற்பார். மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். வட்டிலப்பத்துக்கு இனிப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள் போன தடவை. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அவளிடம் சொல். சஹன் விஷயத்துக்கு அவள் பதிலை வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு வாப்பா, தங்கச்சியிடம் நான் முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

உன் உம்மா